குளோசிங் கேள்வியில் மூன்று விடைகளும் சரிபோலத் தெரிந்தால்

கேள்வி: ப்ராஜெக்ட் மேலாண்மைக்கான பி.எம்.பி. மாதிரித் தேர்வில், ப்ராஜெக்டை முடித்து மூடும் குளோசிங் கட்டம் பற்றிய கேள்விக்கு லெசன்ஸ் லேர்ன்ட் கூட்டம், ப்ராஜெக்ட் ஆடிட், போஸ்ட் இம்ப்ளிமென்டேஷன் ரிவ்யூ மூன்றும் விடைகளாக வருகின்றன. மூன்றுமே முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பதுதானே, எப்படிப் பிரிப்பது?

பதில்: எதை அளவுகோலாக வைத்துப் பார்க்கிறார்கள் என்று தேடுங்கள். ஆடிட்டுக்கு நிறுவனம் வகுத்த நடைமுறைகள்தான் அளவுகோல். ரிவ்யூவுக்கு, ப்ராஜெக்ட் ஏன் தேவை என்று நியாயப்படுத்தும் பிசினஸ் கேஸில் வாக்களித்த பலன்கள். லெசன்ஸ் லேர்ன்ட் கூட்டத்தில் யாரும் தேர்ச்சி, தோல்வி போடுவதில்லை. நினைத்தபடி நடக்காதது ஏன், அடுத்த முறை எதை மாற்றுவது என்பதே பேச்சு.

ஓர் உதாரணம். சப்ளையர் பில்களைப் பாஸ் செய்ய 9 நாள் ஆகிறது, புது மென்பொருள் வந்தால் 3 நாளாகும் என்று பிசினஸ் கேஸ் சொல்கிறது. பழைய டேட்டாவை மாற்றும் ஒத்திகையைக் கடைசி வாரத்தில்தான் வைத்தார்கள். சப்ளையர் பட்டியலில் இரட்டைப் பதிவுகள் கிளம்ப, கூடுதல் வேலையும் செலவும் சேர்ந்தன.

லெசன்ஸ் லேர்ன்ட் கூட்டத்தில் எழுத வேண்டியது: "டிசைன் முடிந்ததுமே ஒரு ஒத்திகை வையுங்கள், இரட்டைப் பதிவுகள் அப்போதே தெரியும்." "தகவல் பரிமாற்றம் மேம்பட வேண்டும்" என்று எழுதினால் அடுத்த டீமுக்கு அதில் ஒன்றுமில்லை. ஆடிட்டர் கேட்பது வேறு: அந்தக் கூடுதல் வேலைக்கு சேஞ்ச் ரெக்வஸ்ட் போட்டீர்களா, ஒப்புதல் எங்கே? ஆறு மாதம் கழித்து ரிவ்யூவில் அளந்தால் 5 நாள் வருகிறது. மென்பொருளில் பிழை இல்லை. பாதி சப்ளையர்கள் இன்னும் காகிதத்தில் பில் அனுப்புகிறார்கள், யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார்கள். இது குளோசிங் அன்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

ஆகவே "டீமை விடுவிக்கும் முன் என்ன செய்வீர்கள்" என்றால் லெசன்ஸ் லேர்ன்ட். ஆனால் அதை முடிவில் மட்டுமே செய்வதாகச் சொல்லும் விடையைத் தவிருங்கள்: பி.எம்.பாக் வழிகாட்டி நூலின் 6ஆம் பதிப்பில் லெசன்ஸ் லேர்ன்ட் ரெஜிஸ்டர் ப்ராஜெக்டின் தொடக்கத்திலேயே திறக்கப்படுகிறது, குளோசிங்கில் அது நிறுவனத்தின் பொதுக் களஞ்சியத்துக்குப் போகிறது. "டீமுக்கு வெளியே இருப்பவர்", "நடைமுறை பின்பற்றப்பட்டதா" என்றால் ஆடிட். அது குளோசிங்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, நடுவிலும் வரும். "பலன் கிடைத்ததா" என்றால் ரிவ்யூ. அது பயன்பாட்டுக்கு வந்து சில மாதங்களுக்குப் பிறகு நடப்பதால், ரிவ்யூ முடியும்வரை ப்ராஜெக்டை மூடாமல் வைப்பது தவறான விடை. குளோசிங்கில் மேனேஜர் செய்வது, யார், எப்போது, எதை அளப்பார்கள் என்பதை ஸ்பான்ஸர் தரப்பிடம் ஒப்படைப்பது.

நடைமுறையில் ரிவ்யூ பெரும்பாலும் கெடுவது இங்கேதான். பழைய முறையில் உண்மையில் 9 நாள்தானா என்று யாரும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள். பழைய சிஸ்டத்தை அணைத்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது கடினம். லெசன்ஸ் லேர்ன்ட் கூட்டம் கெடுவதற்குக் காரணம் வேறு. நேரம் மிச்சம் என்று ஆடிட்டரையும் அதே அறையில் உட்கார வைப்பார்கள். ஒப்புதல் இல்லாமல் வேலை செய்தவர் அங்கே வாயே திறக்கமாட்டார்.