சூப்பர் கெப்பாசிட்டர் வாங்கும்முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டு வைஃபை ரவுட்டர் கரண்ட் போனால் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். சூப்பர் கெப்பாசிட்டர் போடலாமா? பேட்டரி மாற்றும் தொல்லை இருக்காது அல்லவா? (திருப்பரங்குன்றம்)

வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு லித்தியம் பேட்டரி வைத்த 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள். கெப்பாசிட்டர் நொடிக்கணக்குக்கு மட்டும்.

கேள்வி: கரண்ட் போகும்போது என் கருவியின் மெமரி கார்டு கெடாமல் இருக்க 5.5 வோல்ட், 1 ஃபாரட் என்று போட்ட வட்டமான சூப்பர் கெப்பாசிட்டர் நான்கு வாங்கி இணையாகப் போட்டேன். ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. கடைக்காரர் "இன்னும் நான்கு போடுங்கள்" என்கிறார். பில் வாங்கவில்லை. (செல்லூர்)

இன்னும் நான்கு போட்டாலும் தாங்காது. நாணயம் போல வட்டமாக வரும் 5.5 வோல்ட் வகை, கடிகாரச் சிப்புக்கும் சிறு நினைவகத்துக்கும் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது. அதன் உள் தடை பெரும்பாலும் பத்துக்கணக்கான ஓம். 30 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட் ஏற்றிய நிலையில் அப்படி ஒன்றிலிருந்து எடுக்க முடிந்த அதிகபட்ச சக்தி 0.2 வாட்தான். நான்கு சேர்ந்தால் 0.8 வாட். உங்கள் கருவி கேட்பது 2 வாட்டுக்கு மேல். உள்ளே ஆற்றல் இருந்தும் அது வேண்டிய வேகத்தில் வெளியே வர வழி இல்லை.

எனக்கு நெடுநாளாக ஆறாத மனக்குறை இதுதான். மதுரை டவுன்ஹால் ரோட்டில் கேட்டாலும் இணையத்தில் தேடினாலும், ஃபாரட்டும் வோல்ட்டும் மட்டுமே எழுதி விற்கிறார்கள். மின்சாரம் போன கணத்தில் கருவியைக் காப்பாற்றுவது இந்த இரண்டும் மட்டும் அல்ல, உள் தடையும்தான். தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் அது ஈஎஸ்ஆர் என்ற பெயரில் மில்லி ஓமில் இருக்கும். நல்ல 25 ஃபாரட் செல்லுக்கு அது சில பத்து மில்லி ஓம், அதாவது உங்கள் வட்டு வகையை விட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே தட்டில் விற்பது வாங்குபவரை இருட்டில் நிறுத்துவது. டேட்டா ஷீட் காட்ட முடியாத கடையில் இந்தப் பொருளை வாங்காதீர்கள். எனக்கும் ஒரு கடை இதே வட்டு வகையை "பேக்கப்புக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தது. அவை இன்றும் பயன்படாமல் கிடக்கின்றன.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் பில் இல்லாமல் நான்கு வாங்கியது உங்கள் தவறு. ஒன்று வாங்கிச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கேள்வி: பால் சேகரிப்பு மையத்தில் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினி ஒன்று எடையையும் கொழுப்பு அளவையும் கார்டில் பதிகிறது. கரண்ட் போனால் கடைசிப் பதிவு போய்விடுகிறது. இரண்டு கார்டு கெட்டுவிட்டது. 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கிறது, ஷட்டவுன் ஆக 8 நொடி. என்ன வாங்க வேண்டும்? (உசிலம்பட்டி)

அளந்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் கணக்கு நேராக வரும். 5 வோல்ட், அரை ஆம்பியர் என்றால் 2.5 வாட். எட்டு நொடிக்கு 20 ஜூல். நடுவில், இறங்கும் வோல்டேஜை 5 வோல்ட்டுக்கு உயர்த்தித் தரும் ஒரு பூஸ்ட் கன்வர்ட்டர் வேண்டும். அதன் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் கெப்பாசிட்டர் தர வேண்டியது சுமார் 24 ஜூல். கன்வர்ட்டர் ஏன் என்றால், கெப்பாசிட்டரின் வோல்டேஜ் முதல் நொடியிலிருந்தே இறங்கிக்கொண்டே போகும், உங்கள் போர்டோ 5 வோல்ட்டை எதிர்பார்க்கிறது. நேராக 5 வோல்ட் வயரில் கட்டினால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி பயன்படாமலே நின்றுவிடும்.

ஒரு செல் 2.7 வோல்ட்தான் தாங்கும். எனவே இரண்டைத் தொடராகப் போட வேண்டும். அப்போது ஃபாரட் பாதியாகும். அடாப்டரின் 5 வோல்ட், கரண்டை ஒரு திசையில் மட்டும் விட்டுச் சற்று வோல்டேஜைக் குறைக்கும் ஷாட்கி டையோடு வழியாக வருவதால் செல்கள் 4.6 வோல்ட் வரை ஏறும் என்று வைப்போம், 3 வோல்ட் வரை பயன்படுத்துவோம்:

```
E = 0.5 × C × (4.6² − 3.0²) = 6.08 × C
```

24 ஜூலுக்கு 4 ஃபாரட் போதும் என்று வரும். இரண்டு 10 ஃபாரட் செல் தொடராக 5 ஃபாரட் தரும்; புதிதில் பத்து நொடி தாங்கும். இதை நம்பி வாங்கினால் பின்னால் ஏமாறுவீர்கள். இந்தச் செல்லின் கொள்ளளவு 30 சதவீதம் குறைந்தால்தான் ஆயுள் முடிந்தது என்று பல தயாரிப்பாளர்கள் வரையறுக்கிறார்கள். அந்த நிலையில் உங்களுக்குக் கிடைப்பது ஏழு நொடி, தேவை எட்டு. அதுவும் 10 டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் மூடிய பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 25 ஃபாரட், 2.7 வோல்ட் செல் இரண்டு வாங்குங்கள். புதிதில் 25 நொடி, தேய்ந்த பிறகும் 18 நொடி கிடைக்கும்.

கூட வாங்க வேண்டியவை: 1என்5822 ஷாட்கி டையோடு இரண்டு, 10 ஓம் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் இரண்டு, 10 கிலோ ஓம், 15 கிலோ ஓம், 220 ஓம் ஒவ்வொன்று, எம்டி3608 பூஸ்ட் போர்டு ஒன்று. அடாப்டர் 2 ஆம்பியராவது இருக்கட்டும்.

அடாப்டரின் ப்ளஸ் முதல் டையோடு வழியாகப் பூஸ்ட் போர்டின் உள்வாயிலுக்குப் போகட்டும். செல் ஜோடியை அதே உள்வாயிலில் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கட்டுங்கள். காலியான செல் ஷார்ட் சர்க்யூட் மாதிரி இழுக்கும். ரெசிஸ்டர் அதை அரை ஆம்பியருக்குள் பிடித்துவைக்கும். இரண்டாவது டையோடை அந்த ரெசிஸ்டருக்கு இணையாக, செல்லிலிருந்து வெளியே போகும் திசையில் போட்டால், கரண்ட் போனதும் ரெசிஸ்டர் குறுக்கே நிற்காது. இரண்டு 1 கிலோ ஓமும் ஒவ்வொரு செல்லின் குறுக்கே, ஒன்றின் மேல் மட்டும் வோல்டேஜ் ஏறிவிடாமல் இருக்க. ஏறக்குறைய முழுதாக ஏறவே ஆறு நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி கரண்ட் போனால் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பூஸ்ட் போர்டின் திருகைத் திருப்பி, மல்ட்டிமீட்டரில் 5.1 வோல்ட் காட்டிய பிறகே ராஸ்பெர்ரி பையை இணையுங்கள். கடையிலிருந்து வரும்போது அது பத்து வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். ஒரு கணம் போதும், போர்டு போய்விடும்.

இத்தனையும் செய்து பாதிப் பேர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கரண்ட் போனது பைக்குத் தெரியவே தெரியாது. தெரியாவிட்டால் அது 25 நொடி எழுதிக்கொண்டே இருந்துவிட்டு, அதன் பிறகு கார்டைக் கெடுக்கும். முதல் டையோடுக்கு முன்னால், அடாப்டர் பக்கத்திலிருந்து 10 கிலோ ஓமும் 15 கிலோ ஓமும் தொடராகத் தரைக்குப் போட்டு, நடுப்புள்ளியை 11-ஆம் பின்னுக்கு, அதாவது ஜிபிஐஓ 17-க்குக் கொண்டுபோங்கள். அங்கே 3 வோல்ட் வரும். `/boot/firmware/config.txt` கோப்பில் இந்த வரியைச் சேருங்கள்:

```
dtoverlay=gpio-shutdown,gpio_pin=17,active_low=1,gpio_pull=down
```

220 ஓம் எதற்கு? அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரும் சும்மா இருக்காது. டையோடு மூடிக்கொண்டதும் அதைக் காலி செய்ய ஆள் இல்லாமல், 5 வோல்ட் பல நொடி மெதுவாக இறங்கும். அத்தனை நொடியும் பைக்கு "கரண்ட் இருக்கிறது" என்றே தெரியும். அடாப்டர் பக்கத்தில் ப்ளஸுக்கும் தரைக்கும் நடுவே 220 ஓம் போட்டால் அரை நொடிக்குள் செய்தி போய்விடும். இதனால்தான் சோதிக்கும்போது 5 வோல்ட் வயரைப் பிடுங்கக் கூடாது. சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். பச்சை விளக்கு கடைசியாக அணையும் வரை பூஸ்ட் போர்டு 5 வோல்ட் தருகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

உங்கள் பதிவு நிரல் சிஸ்டம்டி சேவையாக ஓடினால், அதன் சர்வீஸ் கோப்பில் `TimeoutStopSec=4` என்று எழுதுங்கள். நிரல் நிற்க மறுத்தால் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி காத்திருக்கும்; உங்களிடம் இருப்பது 25.

ஷட்டவுன் ஆன பின் செல் காலியாவதற்குள் கரண்ட் வந்துவிட்டால் பை தானாக எழாது. 5-ஆம் பின்னுக்கும் 6-ஆம் பின்னுக்கும் நடுவே ஒரு அழுத்து பட்டன் வைத்துவிடுங்கள், மையத்தில் இருப்பவர் அழுத்தினால் போதும்.

கேள்வி: இணையத்தில் "2.7 வோல்ட், 500 ஃபாரட்" என்று ஆறு வாங்கினேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. போலியா? விற்றவர் பதில் தரவில்லை. பில் இருக்கிறது. (மேலூர்)

போலி என்றே படுகிறது. 350 ஃபாரட் உண்மையான செல்லே பெரிய டார்ச் பேட்டரி அளவு இருக்கும். கட்டைவிரல் பருமன் 25 ஃபாரட் பக்கம்தான். ஆனால் புகாருக்கு அளவீடு வேண்டும். ஒரு செல்லை 2.5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து சற்று நேரம் அதிலேயே நிறுத்துங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, 10 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு, 1.25 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். அந்த நொடியை 7-ஆல் வகுத்தால் ஃபாரட். 500 என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆக வேண்டும். மூன்று நிமிடத்தில் இறங்கினால் 25.

மீட்டரும் கடிகாரமும் தெரியும்படி வீடியோ எடுங்கள். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராயினும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. ஏமாற்றப்பட்டது நீங்கள், தயங்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: வேலை செய்யும்போது செல்லைத் தொட்டால் ஷாக் அடிக்குமா? (திருமங்கலம்)

5 வோல்ட்டில் அடிக்காது. ஆனால் இரண்டு முனையும் ஸ்க்ரூடிரைவரிலோ மோதிரத்திலோ பட்டால் அந்த உலோகம் நொடியில் சூடாகிச் சுட்டுவிடும். மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டு, 10 ஓம் ரெசிஸ்டரை பத்து நிமிடம் குறுக்கே போட்டு, மீட்டரில் அரை வோல்ட்டுக்குக் கீழ் வந்த பிறகு கை வையுங்கள்.