இந்தியில் தலைவலி, வயிற்றுக் கோளாறு சொல்வது

"லக்னோ வந்து ஒரு வாரம். தலை வெடிக்கிறது, வயிறும் சரியில்லை. மருந்துக்கடையில் இந்தியில் எப்படிச் சொல்வது?"

தலைவலிக்கு "சிர் பட்டா ஜா ரஹா ஹை" என்று சொல்லுங்கள். நம் "தலை வெடிக்கிறது" மாதிரியேதான். ஆண், பெண் யார் சொன்னாலும் இது மாறாது.

கவனம் வேண்டியது வயிற்றில்தான். "பேட் கராப் ஹை" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். நான் நெஞ்செரிச்சலுக்கு அப்படிச் சொல்லி, போக்கை நிறுத்தும் மாத்திரையை வாங்கி விழுங்கி, இரண்டு நாள் மலச்சிக்கலில் தவித்தேன். வலி என்றால் "பேட் மேன் தர்த்", எரிச்சல் என்றால் "ஜலன்", வாந்தி "உல்டி", வயிற்றுப்போக்கு "தஸ்த்" (லூஸ் மோஷன் என்றாலும் புரியும்). "கித்னீ பார்?" என்றால் எத்தனை முறை என்று அர்த்தம், விரலைக் காட்டினால் போதும்.

போக்கோடு தலைவலியும் இருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கலாம், ஓ.ஆர்.எஸ். கேட்டு வாங்குங்கள். தலைவலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள், இபுப்ரோஃபென் வேண்டாம், அது வயிற்றை இன்னும் கெடுக்கும். மலத்தில் ரத்தமோ, காய்ச்சலோ, கழுத்து விறைப்போ இருந்தால் கடை வேண்டாம், நேராக டாக்டர்.