நான் செய்துகொண்ட கருத்தடை ஆபரேஷன்: முதல் மூன்று மாதங்கள்தான் முக்கியம்

கேள்வி: "எங்களுக்கு இரண்டு குழந்தைகள் போதும். மனைவிக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றால், ஆண்மை போய்விடும், பலம் குறைந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். செய்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்?"

மூன்று வருடங்களுக்கு முன் நான் செய்துகொண்டேன். பயப்படுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆண்மைக்கான ஹார்மோன் விரைகளில் சுரந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆபரேஷனில் வெட்டுவது விந்தணு மேலே போகும் மெல்லிய குழாயை மட்டும்தான். ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை. வெளியேறும் திரவத்திலும் விந்தணுவின் பங்கு மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. அதனால் ஆசையிலோ, விறைப்பிலோ, திரவத்தின் அளவிலோ எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உடம்பு விந்தணுவை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கும். வெளியே போக வழியில்லாததால் அதை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

என் மனைவி நாலு வருடம் மாத்திரை போட்டாள், ஓயாத தலைவலி. அப்புறம் காப்பர்-டி வைத்தோம். பலருக்கு அது பல வருடம் நன்றாக ஒத்துப்போகிறது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். இவளுக்கோ மாதவிடாயின்போது ரத்தப்போக்கு அதிகமாகி, எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்து அவள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளட்டும் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ உள்ளே போக வேண்டும். ஆணுக்கு அந்தக் குழாய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. இது தெரிந்த பிறகும் அவளைப் படுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கத்தியில்லாத முறையில்தான் செய்தார்கள். விரைப்பையில் மரத்துப்போக ஓர் ஊசி. அந்த நிமிடம் சுருக்கென்று வலித்தது. பிறகு டாக்டர் விரல்களால் குழாயைத் தேடிப் பிடித்து, சின்னத் துளை வழியாக வெளியே எடுத்து, வெட்டிக் கட்டினார். அப்போது அடிவயிற்றை யாரோ உள்ளிருந்து இழுப்பது போல இருந்தது. அரை மணி நேரத்துக்குள் முடிந்தது, தையல்கூட இல்லை.

இரண்டு நாள் படுக்கை, இறுக்கமான உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ். ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். நாலாவது நாள் மகனைத் தூக்கிவிட்டேன். சாயங்காலமே வீக்கமும் வலியும். நல்லவேளை, ஓய்வெடுத்ததும் வடிந்தது. வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் தெரிந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். சிலருக்கு மாதக் கணக்கில் வலி நீடிப்பதும் உண்டு. அப்படி ஆகிறவர்கள் குறைவுதான், ஆனாலும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பலர் தவறுவது இதற்கு அப்புறம்தான். ஆபரேஷன் முடிந்த அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே இருக்கும் விந்தணு வெளியேறித் தீர சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ வேறு முறையோ கட்டாயம். "ஆபரேஷன் செய்தும் கர்ப்பமாகிவிட்டாள்" என்று மனைவியைச் சந்தேகப்படும் கொடுமை நடக்கும் வீடுகளில், இந்த மூன்று மாதக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பன்னிரண்டாவது வாரம் விந்துப் பரிசோதனை. கொஞ்சம் விந்தணு, அதுவும் அசைவோடு, இன்னும் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. நான் துவண்டுபோனேன். சிலருக்குக் கூடுதல் நாள் பிடிக்கும், இன்னும் ஒரு மாதம் ஆணுறையைத் தொடருங்கள் என்றார் டாக்டர். அடுத்த ரிப்போர்ட்டில் ஒன்றுகூட இல்லை. அப்படி உறுதியான பிறகு கர்ப்பமாகும் வாய்ப்பு ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்குத்தான்.

அந்த நாலு மாதமும் ஆணுறை வாங்குவது, பரிசோதனைத் தேதியை நினைவில் வைப்பது, மாதிரி கொடுத்து ரிப்போர்ட் வாங்குவது எல்லாம் என் வேலை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். பொறுப்பைப் பகிர்வது என்றால் எங்களுக்கு அதுதான். முன்பு மாத்திரை நேரத்தையும் டாக்டர் சீட்டையும் அவள் ஒருத்திதான் தலையில் சுமந்தாள்.

ஒன்றை மட்டும் மனைவியோடு உட்கார்ந்து தீர்மானித்துக்கொள்ளுங்கள்: இது நிரந்தரம். மறுபடி இணைக்கும் ஆபரேஷன் உண்டு, ஆனால் அது பலிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இருவரில் ஒருவருக்கு "இன்னொரு குழந்தை" என்ற நினைப்பு லேசாக இருந்தாலும், இப்போதைக்கு ஆணுறை போதும். நாங்கள் ஆறு மாதம் பேசினோம். கடைசியில் அவள்தான் "சரிங்க, போய்ட்டு வாங்க, நானும் வரேன்" என்றாள்.