எ-வில் இல்லாத இலை – கடிதம்

வணக்கம் சார்,

நான் பெரம்பூரில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததுமே 150 சொற்களை அச்சடித்து, வகுப்பில் சொற்சுவராக ஒட்டினேன். எழுதும்போது ஒரு பிள்ளைகூட அதைப் பார்ப்பதில்லை. 'மிஸ், இதை எப்படி எழுதணும்?' என்று என்னிடமேதான் வருகிறார்கள். வண்ணப் படங்களோடு புதிதாக அச்சடித்தால் பார்ப்பார்களா?

ச.

அன்புள்ள ச.,

வண்ணம் உங்கள் விருப்பம். ஆனால் முதல் நாளே 150 சொற்களா? பிள்ளைகள் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்பே அவர்களுக்கு எந்தச் சொல் தேவைப்படும் என்று எப்படித் தெரிந்தது? எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அந்த வாரம் அவர்கள் நோட்டில் திணறிய சொற்களில் ஐந்தை எடுத்து, அவர்கள் எதிரிலேயே எழுதி, அவர்கள் கை எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். அடுத்த வாரம் இன்னும் ஐந்து.

நான் இரண்டாம் வகுப்பில் 'எலை' என்று எழுதி அடி வாங்கியவன். எங்கள் வீட்டில் 'எலை போடு' என்றுதான் சொல்வார்கள். 'பார்த்து எழுதுடா' என்றார் வாத்தியார். எங்கே பார்ப்பது? எனக்கு அது எ-வில் இருந்தது, புத்தகத்தில் இ-யில் இருந்தது.

போன வருடம் நண்பர் ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு சிறுமி எழுந்து சொற்சுவருக்குப் போனாள். 'கொ' வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். இல்லை. திரும்பி வந்து 'கொடை' என்று எழுதினாள். பக்கத்து வரிசையிலேயே 'குடை' இருந்தது! பாவம், குழந்தை சரியாகத்தான் தேடியிருக்கிறாள், தன் வாய் சொன்ன இடத்தில்.

நம் பேச்சில் இது ஓர் ஒழுங்கோடு நடக்கிறது. சொல்லின் முதல் எழுத்தில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பெரும்பாலும் இ எகரமாகும், உ ஒகரமாகும். விளக்கு வெளக்கு, உலகம் ஒலகம், குடை கொடை. நடுவே மெய்யெழுத்து நின்றால் மாறாது. அதனால்தான் குப்பை எல்லார் வாயிலும் குப்பையாகவே இருக்கிறது. ஆக, எந்தச் சொற்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போகும் என்று உங்களால் முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

அந்த இடத்தில் வழிகாட்ட வேண்டும். 'கொ' வரிசையில் ஒரு குடை வரைந்து, பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'கு' என்று எழுதுங்கள். 'எ' வரிசையில் ஓர் இலை, அம்புக்குறி, 'இ'. தப்பான சொல்லை எழுதி அதன்மேல் கோடு போடாதீர்கள், பிள்ளைகளின் கண் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதிலும் கொடை என்று வேறு சொல்லே இருக்கிறது. உங்கள் படங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. வண்ணமே வேண்டாம், பென்சிலால் வரைந்தால் போதும்.

அப்புறம், 'எப்படி எழுதணும்' என்று வரும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்கள் ஏன் எழுந்து போகப் போகிறார்கள்? 'எந்த எழுத்தில் தேடினாய் கண்ணு?' என்று கேளுங்கள். 'வெ' என்று சொன்னால், அடுத்த அம்புக்குறியை எங்கே ஒட்டுவது என்று தெரிந்துவிடும். அவளையே ஒட்டச் சொல்லுங்கள்.