2020 மார்ச்சில் எல்லாம் சேர்ந்து விழுந்தது ஏன்? கேள்வி பதில்

லார்ஜ் கேப், மிட் கேப், பேங்க், பார்மா என்று ஏழு ஃபண்ட் வைத்திருந்தேன். ஏழும் ஒன்றாக விழுந்தன. பிரித்துப் போட்டு என்ன பயன், மேடம்?

பெயர்தான் ஏழு சார், சரக்கு ஒன்றுதான். எல்லாமே இந்தியப் பங்கு. சாதாரண நாளில் வங்கிப் பங்கு வட்டிச் செய்திக்கு ஆடும், மருந்துப் பங்கு மருந்துச் செய்திக்கு ஆடும். அதனால் தனித்தனி போலத் தெரியும். கொரோனா பயம் பிடித்த அந்த மார்ச்சில் கம்பெனியை யார் பார்த்தார்கள்? வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஒரே மாதத்தில் பங்கு, பத்திரம் இரண்டிலும் சேர்த்து ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டு போனார்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் எது உடனே விலை போகுமோ அதைத்தான் விற்பார்கள். ஜனவரியில் 12,400-ஐத் தாண்டிய நிஃப்டி, மார்ச் 24 அன்று 7,511 வரை இறங்கியது.

தங்கம் இருந்தால் தப்பித்திருக்கலாமே? பங்கு விழுந்தால் தங்கம் ஏறும்.

பாதி சரி. மார்ச் 9 வாக்கில் அவுன்ஸ் 1,700 டாலரைத் தொட்ட தங்கம், ஒரே வாரத்தில் 1,500-க்குக் கீழே போய் வந்தது. கடன் வாங்கிப் பங்கில் மாட்டியவர்களிடம் தரகர் மார்ஜின், அதாவது கூடுதல் ஈட்டுப் பணம், கேட்டார். கையில் லாபத்தில் இருந்தது தங்கம், அதை விற்றுக் கட்டினார்கள். நமக்கு ரூபாயும் சரிந்ததால் அடி கொஞ்சம் குறைவு. ஆகஸ்டில் தங்கம் புது உச்சத்துக்குப் போனது உண்மைதான். ஆனால் மார்ச் மாத வாடகையை ஆகஸ்ட் விலையில் கட்ட முடியாதே.

மகளின் காலேஜ் ஃபீஸை டெப்ட் ஃபண்டில் வைத்திருக்கிறேன். அது பங்கு இல்லையே, பயமில்லைதானே?

எந்த டெப்ட் ஃபண்ட்? 2020 ஏப்ரலில் ஒரு நிறுவனம் ஆறு டெப்ட் திட்டங்களை மூடியபோது உள்ளே பெரும்பாலும் தரம் குறைந்த பத்திரங்கள். அவற்றை வாங்க ஆள் இல்லை. கடைசியில் பணம் திரும்பியது, ஆனால் தவணை தவணையாக. காலேஜ் அதுவரை காத்திருக்காது. ஃபண்டின் மாத அறிக்கையில் மிக உயர்ந்த தரமான AAA பத்திரம், அரசுப் பத்திரம் எவ்வளவு, சராசரி முதிர்வு எத்தனை மாதம் என்று பாருங்கள். ஒரு வருடத்துக்குள் வேண்டிய ஃபீஸ் என்றால் எஃப்டியே போதும்.

சரி, அப்போது தாங்கிப் பிடிப்பது எதுதான்?

பத்து லட்சத்தில் ஆறு நிஃப்டியில், நான்கு எஃப்டியில் என்று வைத்துக்கொள்வோம். நிஃப்டி 40 சதவீதம் விழுந்தால் 2.4 லட்சம் போகும். மொத்தத்தில் 24 சதவீதம். மாதச் செலவு 40,000 என்றால் நான்கு லட்சம் பத்து மாதத்துக்கு வரும். அதுவரை பங்கைத் தொட வேண்டாம். நிஃப்டி நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

2008-ல் பத்து மாதம் போதவில்லையே, அக்கா. என் அப்பா அடியில் விற்றார்.

உண்மை தம்பி. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அந்த இடத்துக்குத் திரும்ப 2010 நவம்பர் ஆனது. எத்தனை வருடச் செலவு கையில் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் வீட்டிலேயே ஒத்துப்போகவில்லை. நான் இரண்டு என்கிறேன், பணி ஓய்வு பெற்ற என் கணவர் நான்கு என்கிறார். எஃப்டி வட்டி விலைவாசிக்கு ஈடுகொடுக்காது என்று நான் சொன்னால், உன் அப்பா கதையைத்தான் அவர் எடுப்பார்.