மூன்று லிஃப்ட் ஏ.எம்.சி. கொட்டேஷன்களில் எதை எடுப்பது? கேள்வி பதில்

சங்கச் செயலாளர், மேடவாக்கம்: எங்களிடம் 8 பேர் லிஃப்ட் இரண்டு இருக்கிறது, ஸ்டில்ட் + 5 மாடி, 11 வருடம் ஆகிறது. வருடப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏ.எம்.சி.க்கு லிஃப்டைச் செய்த கம்பெனி, காம்ப்ரிஹென்சிவ் என்றால் ஒரு லிஃப்டுக்கு வருடம் 78,000, நான்-காம்ப்ரிஹென்சிவ் என்றால் 36,000 என்கிறது. ஒரு வெளிக் கம்பெனி 48,000-க்கே காம்ப்ரிஹென்சிவ் தருகிறது. எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி. மூன்றாவதை எடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் சார். காம்ப்ரிஹென்சிவ் என்றால் பெரிய பாகங்களின் விலையும் கட்டணத்தில் சேர வேண்டும், நான்-காம்ப்ரிஹென்சிவ் என்றால் அவற்றுக்குத் தனியாகப் பணம். நீங்கள் அனுப்பிய மூன்றாவது கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். மெயின் ரோப், டிரைவ், கன்ட்ரோலர் போர்டு, கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடியில் கொண்டுபோய் நிறுத்தும் ஏஆர்டி பேட்டரி, கதவு சென்சார் எல்லாம் 'அடங்காதவை' பட்டியலில் இருக்கின்றன. மீதி என்ன? கான்டாக்டர், ரோலர், பட்டன், கேபினுக்குள் எரியும் லைட். பெயர்தான் காம்ப்ரிஹென்சிவ், உள்ளே இருப்பது நான்-காம்ப்ரிஹென்சிவ். அதையே லிஃப்ட் செய்த கம்பெனி ஒரு லிஃப்டுக்கு 12,000 குறைவாகத் தருகிறது. அந்தப் பாகங்களையும் சேர்த்து மறுபடி விலை கேளுங்கள். அவர்கள் சொல்லும் புதிய தொகைதான் 78,000-உடன் ஒப்பிட வேண்டியது.

இப்போது முதல் இரண்டு. 18% ஜிஎஸ்டி சேர்த்து இரண்டு லிஃப்டுக்கும் காம்ப்ரிஹென்சிவ் வருடம் 1,84,080, நான்-காம்ப்ரிஹென்சிவ் 84,960. வித்தியாசம் 99,120. விலை ஏறாது என்று வைத்தாலும் 5 வருடத்தில் 4,95,600. நான்-காம்ப்ரிஹென்சிவ் கொட்டேஷனோடு வந்த விலைப்பட்டியலில் ஒரு லிஃப்டுக்கு ரோப் செட் 70,000, டிரைவ் 95,000 என்று இருக்கிறது. 5 வருடத்தில் இரண்டு லிஃப்டுக்கும் ரோப் மாற்றி, ஒரு டிரைவும் போனால் ஜிஎஸ்டியோடு 2,77,300. போர்டு, கதவு மோட்டார், பேட்டரிக்கு இன்னும் சுமார் 2,18,000 கையில் இருக்கும். கார்ப்பஸ் நிதி உள்ள சங்கத்துக்கு நான்-காம்ப்ரிஹென்சிவ் தோதாக வரும். திடீர்ச் செலவுக்கு வீடு வீடாக வசூலிக்க வேண்டிய நிலை என்றால், வசூல் முடியும்வரை லிஃப்ட் நிற்கும். அப்படிப்பட்ட சங்கம் கூடுதல் பணம் கொடுத்தாவது காம்ப்ரிஹென்சிவ் எடுப்பதே நல்லது என்பேன்.

இன்னொன்று. அந்த 78,000 ஒப்பந்தத்தில் 'உற்பத்தி நிறுத்தப்பட்ட பாகங்கள் அடங்காது' என்று ஒரு வரி இருக்கிறது. 11 வருட லிஃப்டுக்கு இது சின்ன வரி இல்லை. போர்டு போனதும் "இந்த மாடல் இப்போது வருவதில்லை, புது கன்ட்ரோலர் போடுங்கள்" என்று சொல்லிவிட இந்த வரி போதும். உங்கள் கன்ட்ரோலர், டிரைவ் மாடல் பெயரை எழுதி, ஒப்பந்தக் காலம் முழுவதும் இவற்றுக்குப் பாகம் உண்டு என்று கடிதம் வாங்குங்கள். தரத் தயங்கினால், காம்ப்ரிஹென்சிவுக்கு நீங்கள் தரும் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் குறைவு.

பொருளாளர், தாம்பரம்: நாங்கள் பெனால்டியை நன்றாகப் போட்டுவிட்டோம். நின்றால் நாளுக்கு 1,000 ரூபாய். லிஃப்ட் 98% ஓட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். இனிக் கம்பெனி தாமதம் செய்ய முடியாதுதானே?

பதில்: நாளுக்கு 1,000 நல்ல தொகை. பல ஒப்பந்தங்களில் 'ஒரு நாள் ஏ.எம்.சி. கட்டணம் கழிக்கப்படும்' என்றுதான் இருக்கும். வருடம் 78,000 என்றால் அது 214 ரூபாய். அதற்கு யாரும் பதறமாட்டார்கள்.

ஆனால் 98% என்பதைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 30 நாள் மாதம் 720 மணி நேரம். அதில் சுமார் 14 மணி நேரம் வரை லிஃப்ட் நின்றாலும் பெனால்டி வராது. இரண்டு லிஃப்டையும் சேர்த்துச் சராசரி எடுப்பதாக எழுதியிருந்தால், ஒரே லிஃப்ட் சுமார் 28 மணி நேரம் வரை நிற்கலாம். லிஃப்ட் வாரியாகக் கணக்கிட வேண்டும் என்று திருத்துங்கள்.

அப்புறம், 'பாகம் வரக் காத்திருக்கும் நேரம் சேராது' என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். நீண்ட நாள் நிற்பதெல்லாம் பாகத்துக்காகத்தான், அந்த நேரத்தைக் கழித்துவிட்டால் பெனால்டியில் ஒன்றும் மிஞ்சாது. வருடப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். பெனால்டியை அடுத்த தவணையில் கழிக்கலாம், கேட்டு வாங்க வேண்டியதில்லை.

பெரிய கம்பெனிகளின் கிளை அலுவலகம் பெனால்டி வரியை மாற்ற ஒப்புக்கொள்வது கஷ்டம். அங்கே 30 நாள் நோட்டீஸில் விலகும் உரிமையையும் மீதிப் பணத்தைத் திருப்பித் தருவதையும் கேளுங்கள். என் அனுபவத்தில் அதுதான் பெனால்டியைவிட வேலை செய்கிறது.

வீட்டு உரிமையாளர், வேளச்சேரி: மூன்று கம்பெனியுமே '2 மணி நேர ரெஸ்பான்ஸ்' என்கிறார்கள். அப்படியானால் இதில் ஒப்பிட ஒன்றும் இல்லை, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் மேடம். ஆள் வந்து பார்த்தாலே 'ரெஸ்பான்ஸ்' முடிந்தது. லிஃப்ட் ஓட ஆரம்பித்தது எப்போது என்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனி நேரம் எழுதி வாங்குங்கள். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் 45 நிமிடம், வெறுமனே நின்றால் 3 மணி நேரம் என்று பிரித்துக் கேட்பது நகருக்குள் நியாயமான கோரிக்கை. இரவிலும் ஞாயிறிலும் இதே நேரம்தானா என்பதும் எழுத்தில் வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒரு ஞாயிறு இரவு அவர்களுடைய புகார் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். யார் எடுக்கிறார்கள், உங்கள் பகுதிக்கு இரவில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற சர்வீஸ் சூப்பர்வைசர், அம்பத்தூர்: ஒன்று சேர்க்கிறேன். வெளிக் கம்பெனிக்கு அந்த கன்ட்ரோலருக்குள் நுழைய முடியுமா என்று பார்த்தீர்களா? சில மாடல்களுக்குக் கம்பெனியின் சர்வீஸ் டூல் இல்லாமல் பாராமீட்டர் மெனுவே திறக்காது.

பதில்: சரியாகச் சொன்னீர்கள் சார். மேடவாக்கம் நண்பர் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். வெளிக் கம்பெனியின் டெக்னீஷியனை வரவழைத்து, உங்கள் கன்ட்ரோலரில் பழைய ஃபால்ட் பட்டியலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் நள்ளிரவில் என்ன செய்வார்?

சூப்பர்வைசர்: ஆனால் ரிப்பேர் செய்த போர்டே வேண்டாம் என்று பலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பழைய மாடலுக்கு அதுதான் கிடைக்கும்.

பதில்: இதில் நாம் முழுவதும் ஒத்துப்போகமாட்டோம் என்று நினைக்கிறேன். ரிப்பேர் போர்டு திரும்பத் திரும்பப் போவதை நான் பார்த்திருக்கிறேன், வருடக்கணக்கில் ஓடியதையும் பார்த்திருக்கிறேன். புதியதா ரிப்பேர் செய்ததா என்று பில்லில் எழுத வேண்டும், குறைந்தது 6 மாத வாரண்டி வேண்டும், கழற்றிய பழைய பாகத்தைச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

குடியிருப்பாளர், முடிச்சூர்: லிஃப்டுக்குக் கீழே உள்ள பள்ளமான பிட்டில் எங்களுக்கு மழைக்காலத்தில் தண்ணீர் வருகிறது. புது லிஃப்ட் போட என்ன விலை ஆகும்?

பதில்: தண்ணீர் வருவதற்காகப் புது லிஃப்ட் போட வேண்டாம், அதற்கும் அதே தண்ணீர்தான் வரும். முதலில் பிட்டுக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்யுங்கள். ஏ.எம்.சி. விஷயத்தில் ஒன்று: தண்ணீரால் வரும் சேதத்தைக் காம்ப்ரிஹென்சிவ் ஒப்பந்தங்கள்கூடப் பெரும்பாலும் ஏற்பதில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒரு நாளில் கேபின் கீழ்த்தளத்தில் நின்றால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான். கனமழை எச்சரிக்கை வந்தாலே லிஃப்டை மேல்மாடிக்குக் கொண்டுபோய், உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைக்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள். பிட்டில் தண்ணீர் நின்றிருந்தால் டெக்னீஷியன் பார்க்காமல் திரும்ப ஆன் செய்ய வேண்டாம்.