முடிச்சாச்சுன்னு சொல்ற வரைக்கும் அடிக்கட்டும்: கேள்வி பதில்

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் செல்போன் சர்வீஸ் பார்க்கிறேன். கடைக்கு இன்னைக்கு லீவு. 'முடிஞ்சது'ன்னு தட்டுற வரைக்கும் திரும்பத் திரும்ப அடிக்கிற ரிமைண்டர் ஆப் பத்திக் கேளுங்க.

வில்லாபுரம்: அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை காலைல 5:30க்கு. மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா அடிக்கச் சொல்லி வெச்சேன். சில நாள் அடுத்த சத்தத்துக்கே பத்து நிமிஷம் ஆகுதுண்ணே, போன் கெட்டுப்போச்சா?

இல்லம்மா, தூங்குது. சார்ஜர் இல்லாம, ஸ்கிரீன் அணைஞ்சு, அசையாம ரொம்ப நேரம் கிடந்தா ஆண்ட்ராய்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போயிடும். அதுக்கு `Doze`னு பேரு. அந்த நேரத்துல சாதாரண ரிமைண்டர் ஆப் ஒண்ணு 9 நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல எழுப்ப முடியாது. இது கூகுளே ஆப் எழுதுறவங்களுக்குச் சொல்லி வெச்ச கணக்கு. உங்க மூணு நிமிஷம் 5:30, 5:39, 5:48ன்னு ஆயிடும். அதுக்குள்ள அம்மா காபியைக் குடிச்சிருப்பாங்க, வெறும் வயித்துல போடுற மாத்திரை அன்னைக்கு சரியா உடம்புல சேராது.

சோதிச்சுப் பாருங்க. ஒரு ராத்திரி சார்ஜர்ல, மறுநாள் கழட்டி மேஜை மேல. சார்ஜர்ல இருக்கும்போது மட்டும் ஒழுங்கா அடிச்சா காரணம் இதுதான். கடிகார அலாரமா பதியுற ஆப்புக்கு இந்தத் தடை கிடையாது. அப்படிப் பதிஞ்சா ஸ்கிரீன் மேல் ஓரத்துல குட்டி அலாரம் படம் தெரியும். அதைப் பார்த்து ஆப்பைத் தேர்ந்தெடுங்க.

திருமங்கலம்: எனக்கும் இதே பிரச்சனைதான். ஆனா அடிக்கவே மாட்டேங்குது.

அப்ப இதே பிரச்சனை இல்ல, வேற வியாதி. போன் அந்த ஆப்பையே கொன்னுடுது. பேட்டரியை `Unrestricted` ஆக்குங்க, ஆட்டோ ஸ்டார்ட் இருந்தா அதையும் திறங்க. `Alarms & reminders` அனுமதியையும் பாருங்க. ஆண்ட்ராய்டு 14ல புதுசா போடுற பல ஆப்புக்கு அது மூடியே வரும்.

உசிலம்பட்டி: தோட்டத்து மோட்டாரைத் தானா நிறுத்தணும். எந்த ஆப் நல்லது?

இது மனுசனை நச்சரிக்கிற சங்கதி அண்ணாச்சி. மோட்டாரை நிறுத்த ஸ்டார்ட்டர்ல டைமர் வைக்கணும், எலக்ட்ரீசியனைப் பாருங்க.

கே.கே.நகர் மாணவன்: ஐபோன்ல நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வெச்சேன். ஒரு மணி நேரத்துல அடங்கிடுச்சு.

ஒரு ஆப் முன்கூட்டியே வரிசையில போட்டு வைக்கிற அறிவிப்பு 64 வரைக்கும்தான் ஐபோன்ல நிக்கும். அஞ்சு நிமிஷம்னு வை தம்பி, அஞ்சு மணி நேரத்துக்கு மேல வரும். வேற ரிமைண்டர் இருந்தா அதுவும் இந்த 64ல பங்கு கேட்கும். ஆப்பைத் திறந்தா மறுபடி நிரம்பும்.

செல்லூர்: சத்தம் தாங்காம 'முடிஞ்சது'ன்னு தட்டிட்டு, வேலையை மறந்துடுறேன்.

அட, நானும் அதே கேஸ்தான். போன மாசம் தொட்டி நிறைஞ்சிருக்கும்னு அலாரம் கத்துச்சு. மாடிப்படி ஏறிக்கிட்டே தட்டினேன். பாதியில ஒரு போன் வந்துச்சு, பேசிக்கிட்டே திரும்ப இறங்கிட்டேன். பக்கத்து வீட்டுச் சுவர் ஊறின பிறகுதான் மோட்டார் ஞாபகம் வந்துச்சு. வேலைக்கு முன்னாடி தட்டாதீங்க, வேலையை முடிச்ச கையால தட்டுங்க. சொல்றது லேசு, அதனால கியூஆர் ஸ்கேன் பண்ணினாத்தான் அடங்குற அலாரம் வெச்சேன். தாளை மோட்டார் சுவிட்ச் பக்கத்துலயே ஒட்டிட்டேன்.

வில்லாபுரம்: அப்ப மாத்திரை அட்டையில இருக்கிற பார்கோடையே ஸ்கேன் பண்ணலாமேண்ணே? ஏமாத்தவே முடியாது.

பாதி சரி. அட்டை தீர்ந்து, புதுசுல கோடு வேற மாதிரி இருந்தா அலாரம் அடங்காது. டப்பாவுல சொந்தமா ஒரு கியூஆர் ஒட்டுங்க.

ஓய்வுபெற்ற நர்ஸ், தல்லாகுளம்: தம்பி, ஸ்கேன் பண்ணினா டப்பா பக்கம் போனாங்கன்னு தெரியும். முழுங்கினாங்கன்னு தெரியுமா? எனக்கு இன்னொரு பயமும் இருக்கு. போட்டுட்டு தட்ட மறந்துட்டா, மறுபடி அடிக்கும்போது ரெண்டாவதையும் போட்டுடுவாங்க.

அக்கா சொல்றது நியாயம். நான் மோட்டாரை வெச்சே யோசிச்சுட்டேன், அதை ரெண்டு தடவை அணைச்சா ஒண்ணும் ஆகாது.

நர்ஸ்: கிழமை போட்ட ஏழு அறை டப்பா வாங்கிக் குடுங்க. திங்கள் அறை காலின்னா போட்டாச்சு. சத்தம் டப்பாவைப் பார்க்கச் சொல்றதுக்கு மட்டும்.

வில்லாபுரம்: அந்த டப்பாவை நிரப்ப நானே மறந்துட்டா?

நர்ஸ்: அதுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு அலாரம்.

நல்லா இருக்கே அக்கா! ஆனா நச்சரிப்பு அம்மா போன்ல அடிக்கணுமா, மக போன்லயான்னு நமக்குள்ள முடிவாகல. நான் மக போன்னுதான் சொல்லுவேன்.

நர்ஸ்: மக வேலைக்குப் போயிட்டா?

அனுப்பானடி: அண்ணே, எனக்கும் அலாரம் லேட்டா...

சார்ஜர்ல போட்டுப் பார்த்தீங்களா? முதல் பதிலைப் படிச்சுட்டு வாங்க.